சமரச மையத்தில் போட்ட கையெழுத்து தீர்ப்பாணையாக மாறுவது எப்படி: ஒரு பாகப்பிரிவினை வழக்கின் வழியே முழுமையான வழிகாட்டி

நீதிமன்றம் அனுப்பிவைத்த சமரசத்தில் ஒரு வழக்கு முடிந்துவிட்டால், அந்த ஒப்பந்தத்தை அன்றைக்கே நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சமரசர் முன் எல்லோரும் கையெழுத்திட்ட தாள் அந்த நிலையில் வெறும் ஒப்பந்தம்தான். நீதிபதி அதைப் பதிவுசெய்து, அதன்படி தீர்ப்பாணை பிறப்பித்த பிறகே அதற்கு நீதிமன்ற ஊழியரான அமீனாவை அனுப்பும் வலிமை வருகிறது. அப்படி வந்த தீர்ப்பாணையையும் நிறைவேற்ற முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் சமரச மேசையில் எழுதப்பட்ட வாசகங்களாலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மதுரை மாவட்ட நீதிமன்றங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் படிப்படியாக விளக்குகிறேன். குடும்பமும் தொகைகளும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. சட்டப் பிரிவுகள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வழக்கு

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தகப்பனார் தம் சுயசம்பாத்தியத்தில் வாங்கிய 3 ஏக்கர் 18 சென்ட் நஞ்சையை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோனார். மனைவி அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர்: மூத்த மகன், இளைய மகன், திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட மகள். தகப்பனாருக்குப் பின் இளைய மகனும் இறந்துவிட, அவருடைய பங்குக்கு மனைவியும் 15 வயது மகனும் வாரிசுகள். நிலம் முழுவதையும் மூத்தவரே பயிர்செய்துவருகிறார். கிணறும் மின்மோட்டாரும் நிலத்தின் வடபகுதியில் இருக்கின்றன. தன் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு மகள் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். மூத்த அண்ணன் முதல் பிரதிவாதி. தம்பி மனைவியும், அவரையே காப்பாளராகக் கொண்ட சிறுவனும் அடுத்த இரு பிரதிவாதிகள்.

நீதிமன்றம் அனுப்பும் கட்டம்

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 ஜூலை 1 முதல் இப்போதைய வடிவில் நடைமுறையில் இருக்கிறது. பிராதும் எதிருரையும் தாக்கலாகி, எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பது தெளிவான பிறகு, விசாரணை தொடங்கும் முன் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்புவதே வழக்கம். நடுவர் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். சமரசத்துக்கு அனுப்ப அது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆப்கான்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே எதிர்த்தரப்பு மறுத்தாலும் நீதிபதி அனுப்பலாம். அங்கே போய் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கிய சமரச மையத்தைத் தொடர்ந்து மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் அமைந்தன. நீதிமன்றம் அனுப்பும் வழக்குக்குக் கட்சிக்காரர் சமரசருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. அனுப்பும் உத்தரவில் சமரச மையத்துக்குப் போக வேண்டிய நாளும், வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கு வரும் வாய்தா நாளும் இருக்கும். இரண்டாவது நாளைக் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. சமரசம் முறிந்துபோனால் அன்றைக்கே வழக்கு கூப்பிடப்படும். வாதி வராவிட்டால் தள்ளுபடியாகலாம், பிரதிவாதி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகலாம்.

மேசையில் பேசியது எதையும் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுத்துவைக்க முடியாது. முறிந்துபோன சமரசத்தைப் பற்றிச் சமரசர் அனுப்பும் அறிக்கையில் முடியவில்லை என்ற ஒற்றைச் செய்திதான் இருக்க வேண்டும்; யார் எவ்வளவு கேட்டார், யார் இறங்கி வரவில்லை என்று எழுதக் கூடாது. ஒரு தரப்போடு சமரசர் தனியாகப் பேசியதை அவர்கள் அனுமதியில்லாமல் மறுதரப்பிடம் சொல்லவும் கூடாது. இந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் மூத்தவர், "பணமா வாங்கிக்கிட்டா கொடுத்துடுறேன், நெலத்தக் கூறுபோட மனசு வரலை" என்று தனி அமர்வில் துணிந்து சொல்ல முடிகிறது. அந்த ஒரு வார்த்தைதான் இந்த வழக்கில் கதவைத் திறந்தது.

மேசையில் எழுதும் வாசகம்

மூன்று அமர்வுகளில் பேச்சு ஒரு முடிவுக்கு வருகிறது. ஒவ்வொரு கிளைக்கும் 1 ஏக்கர் 6 சென்ட். மகள் நிலத்துக்குப் பதிலாக 14 லட்சம் ரூபாய் மதிப்பு பெற்றுக்கொள்வார்: 6 லட்சம் உடனே வரைவோலையாக, 5 லட்சம் ஆறு மாதத்தில், மீதி 3 லட்சத்துக்கு ஈடாக மூத்தவர் தம் பெயரில் மேலூரில் வாங்கிவைத்திருக்கும் 3 சென்ட் காலி மனை. மகளின் பங்கு மூத்தவரின் பங்கோடு சேர்ந்து 2 ஏக்கர் 12 சென்ட் ஆகும். தம்பி குடும்பத்துக்குத் தென்பகுதி 1 ஏக்கர் 6 சென்ட். கிணற்றுத் தண்ணீரில் அவர்களுக்கும் பங்கு.

மனங்கள் ஒத்துப்போன அந்த மாலையில் அவசரமாக எழுதப்படும் ஒப்பந்தம் இப்படித்தான் இருக்கும்: "வாதிக்கு முதல் பிரதிவாதி 14 லட்சம் மதிப்புக்குக் கொடுத்துவிட வேண்டியது, சொத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது, கிணற்று நீரை வழக்கம்போல் அனுபவித்துக்கொள்ள வேண்டியது." மூன்று வாக்கியங்களுமே உண்மையானவை. மூன்றில் ஒன்றைக்கூட நிறைவேற்று நீதிமன்றத்தால் செயல்படுத்த முடியாது. தீர்ப்பாணைக்குப் பின்னால் போய், கட்சிகள் மனத்தில் என்ன நினைத்திருந்தார்கள் என்று தேடும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்குக் கிடையாது. தாளில் உள்ளதை மட்டுமே அது நிறைவேற்றும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: யார் செய்ய வேண்டும், எதை, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன?

முதலில் நிலம். தலா மூன்றில் ஒரு பங்கு என்று மட்டும் எழுதினால் அது முதல்நிலைத் தீர்ப்பாணை ஆகிவிடும். அதன்பின் இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப்போட்டு, ஆணையர் நியமித்து, நிலத்தை அளந்து மீண்டும் சில ஆண்டுகள் அலைய நேரும். அதைத் தவிர்க்க, சமரச நாளுக்கு முன்பே உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்து, புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, பக்க அளவுகள் ஆகியவற்றோடு வரைபடம் ஒன்று தயாரித்து, அதில் எல்லோரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிட வேண்டும். மூத்தவருடைய பகுதிக்கு ஒரு சொத்து விவரம், தம்பி குடும்பத்தின் பகுதிக்கு ஒரு சொத்து விவரம் என்று தனித்தனியாகப் பிரித்தெழுதியிருந்தால் நேரடியாக இறுதித் தீர்ப்பாணையே பெறலாம். அளவைக்குச் செலவாகும் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கப் போய்ச் சிக்கிக்கொள்வதே இவ்வகை வழக்குகளில் மிகப் பெரிய தவறு என்பது என் எண்ணம்.

அடுத்து, 5 லட்சம் ரூபாய். தீர்ப்பாணை 2025 மார்ச் 10 அன்று பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், "2025 செப்டம்பர் 10-க்குள் வாதியின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், தவறினால் அன்றிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் நிறைவேற்று மனு மூலம் வசூலித்துக்கொள்ளலாம், அதுவரை முதல் பிரதிவாதியின் பகுதியில் குறிப்பிட்ட 1 ஏக்கர் 6 சென்ட் இந்தத் தொகைக்குப் பொறுப்பாக இருக்கும்" என்று எழுத வேண்டும். வட்டி மாதத்துக்கு 3,750 ரூபாய். மூத்தவரால் தாங்கக்கூடிய, தாமதிக்கவும் தயங்கவைக்கிற தொகை. மாதம் 3 ரூபாய் வட்டி என்று கோபத்தில் எழுதினால் அது தண்டத் தொகை என்று வாதிட எதிர்த்தரப்புக்கு நாமே இடம் கொடுக்கிறோம்.

மூன்றாவது, தண்ணீர். "எப்பவும்போல எடுத்துக்கட்டும், நான் என்ன மறிச்சா வெக்கப்போறேன்" என்று மூத்தவர் சொன்னது முழு மனத்தோடுதான். ஆனால் அவருக்குப் பின் அவருடைய மகன் மறித்தால், எப்பவும்போல என்றால் என்ன என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. எனவே, வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரு நாட்கள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை தம்பி குடும்பத்தினர் மோட்டாரை இயக்கிக்கொள்ளலாம் என்றும், பழுதுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது என்றும், வரைபடத்தில் குறித்துள்ள 4 அடி அகல வாய்க்கால் வழியே நீர் கொண்டுபோகவும் அதன் வரப்பில் நடந்துபோகவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றும், முதல் பிரதிவாதியோ அவருடைய வாரிசுகளோ அதைத் தடுக்கக் கூடாது என நிரந்தரத் தடைக் கட்டளை பிறப்பிக்கப்படுகிறது என்றும் எழுதுகிறோம். கடைசி வாசகம் முக்கியமானது. உரிமை உண்டு என்ற அறிவிப்பு மட்டும் இருந்தால் மீறியவர் மீது நிறைவேற்று மனு போட முடியாது. தடைக் கட்டளை இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21 விதி 32-இன் கீழ் மீறியவரின் சொத்தைப் பற்றுகை செய்யவோ அவரை உரிமையியல் சிறையில் வைக்கவோ கேட்கலாம். நிரந்தரத் தடைக் கட்டளையை நிறைவேற்றக் காலவரம்பும் இல்லை. வரப்பை வெட்டிக் கொடு, சுவரை இடித்துக் கொடு போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு 3 ஆண்டுதான்.

வழக்கில் இல்லாத மனை

மேலூர் மனை பிராதின் சொத்து விவரத்தில் இல்லை. கட்டளை 23 விதி 3-இன்படி, கட்சிகளுக்கிடையே உள்ள விஷயம் என்றால் வழக்கில் இல்லாத பொருளையும் ராஜி எனப்படும் இந்தச் சமரச ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தீர்ப்பாணை செல்லும். ஆனால் பதிவுச் சட்டம் 1908-இன் 17(2)(vi) பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பாணைகளுக்குப் பதிவிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டு, ராஜியில் பிறந்த தீர்ப்பாணை வழக்குச் சொத்து அல்லாத வேறு அசையாச் சொத்தை உள்ளடக்கினால் அந்த விலக்கு இல்லை என்கிறது. நஞ்சைக்குப் பதிவு வேண்டியதில்லை, மனைக்கு வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், மகள் அந்த மனையை விற்கப்போகும் நாளில் வில்லங்கச் சான்றில் இன்னும் அண்ணன் பெயரே இருக்கும்.

மூன்று வழிகள் உண்டு. தீர்ப்பாணையின் நகலை, அது பிறந்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் பதிவுக்குக் கொடுக்கலாம். அல்லது, இன்ன தேதிக்குள் மூத்தவர் பதிவுசெய்த பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று ராஜியில் எழுதலாம். அவர் தவறினால் கட்டளை 21 விதி 34-இன்படி வரைவுப் பத்திரத்தைத் தாக்கல் செய்து, நீதிமன்றமே அவருக்காகக் கையெழுத்திடும்படி கேட்கலாம். மூன்றாவது வழி, ராஜி பதிவாகும் வாய்தாவுக்கு முன்பே பத்திரப் பதிவை முடித்து, அதன் எண்ணை ராஜியில் குறிப்பிடுவது. முடிந்தவரை மூன்றாவதையே செய்யச் சொல்வேன், ஏனெனில் அப்போது நிறைவேற்ற வேண்டிய வேலையில் ஒன்று குறைந்துவிடுகிறது.

சிறுவனின் பங்கு

தாய் கையெழுத்திட்டுவிட்டதால் மகனும் கட்டுப்படுவான் என்று எவரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கட்டளை 32 விதி 7-இன்படி, 18 வயது நிறையாத இளவரின் சார்பில் ராஜிக்கு ஒப்புக்கொள்ளக் காப்பாளர் நீதிமன்றத்தின் அனுமதியைத் தனி மனு மூலம் கேட்க வேண்டும். அந்த ராஜி சிறுவனுக்கு நன்மையானது என்று காப்பாளர் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். வழக்கறிஞர் இருந்தால் அவர் சான்றும் இணைக்க வேண்டும். நீதிபதியும் அனுமதியை வெளிப்படையாகப் பதிவுசெய்ய வேண்டும். இது விடுபட்டால், சிறுவனைத் தவிர மற்றெல்லாரையும் அந்த ராஜி கட்டுப்படுத்தும். அவன் மட்டும் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 15 வயதுச் சிறுவன் 18 வயதை அடையும்போது வழக்கு முடிந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். அதே நிலத்தில் மூத்தவர் போட்ட வரப்பும் நட்ட தென்னையும் மறுபடியும் கேள்விக்குள்ளாகும்.

நீதிமன்றத்தில் பதிவாகும் நாள்

சமரசர், கட்சிகள், வழக்கறிஞர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சமரச மையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போகிறது. வாய்தா நாளில் எல்லாரும் அடையாள ஆவணத்தோடு நேரில் நிற்பது நல்லது. கட்டளை 23 விதி 3 மூன்றைக் கேட்கிறது: ராஜி எழுத்தில் இருக்க வேண்டும், கட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். நீதிபதி வாசகங்களைப் படித்துச் சொல்லி, இதை விரும்பித்தான் எழுதிக்கொடுத்தீர்களா என்று கேட்பார். அங்கே தயங்குகிறவர் தன் தயக்கத்தைச் சொல்லிவிடுவதே சரி, ஏனெனில் அதற்குப் பின் கதவுகள் குறைவு. சம்மதத்தின் பேரில் பிறந்த தீர்ப்பாணை மீது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(3) பிரிவு மேல்முறையீட்டைத் தடுக்கிறது. அந்த ராஜி சட்டப்படியானதல்ல என்று தனி வழக்குப் போடுவதை கட்டளை 23 விதி 3அ தடுக்கிறது. மோசடி, நிர்பந்தம் போன்ற குறை இருந்தால் அதே நீதிமன்றத்தில்தான் மனுப்போட்டு ராஜி செல்லாது என்று காட்ட வேண்டும்.

வழக்கில் கட்சியாக இல்லாத ஒருவர் ராஜியில் கையெழுத்திட்டிருந்தால், உதாரணமாகக் கிணற்றுக்கு மின் இணைப்பு மூத்தவரின் மனைவி பெயரில் இருந்து அவரும் ஒப்புக்கொண்டிருந்தால், அவரைக் கட்டளை 1 விதி 10-இன்படி வழக்கில் சேர்த்த பிறகே ராஜியைப் பதிவுசெய்ய வேண்டும். சேர்க்காவிட்டால் அவர் கையெழுத்து ஒப்பந்தமாக மட்டும் நிற்கும். தீர்ப்பாணை அவர்மீது பாயாது.

மக்கள் நீதிமன்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பிறக்கும் தீர்வே 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவால் தீர்ப்பாணையாகக் கருதப்படும். சமரச மையத்தில் எழுதியதற்கு நீதிபதியின் பதிவு வேண்டும். 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் சமரச உடன்படிக்கையையே தீர்ப்பாணை போல நிறைவேற்ற வழிசெய்கிறது என்றாலும், 2023 அக்டோபர் 9 அன்று முதலில் நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. நீதிமன்றம் அனுப்பிய வழக்கில் மேலே சொன்னபடி பதிவுசெய்து தீர்ப்பாணை பெறுவதே எந்த நிலையிலும் பாதுகாப்பானது.

தீர்ப்பாணை கைக்கு வந்த பின்

நகல் மனுப்போட்டுத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை வாங்கி, ராஜியோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். புல எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருப்பதும், வரைபடம் இணைக்கப்படாமல் இருப்பதும் நடக்கிறது. எழுத்துப் பிழையை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின் கீழ் மனுப்போட்டுத் திருத்தலாம். பாகப்பிரிவினையின் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதிப் பெற வேண்டும்; தாளை வாங்கித் தாக்கல் செய்வது கட்சிகளின் பொறுப்பு. முத்திரைத்தாள் தாமதமானாலும் நிறைவேற்றும் காலவரம்பான 12 ஆண்டு தீர்ப்பாணை நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. ஆகவே சாவகாசமாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. தவணைத் தொகைக்கு மட்டும், தவணை தவறிய நாளிலிருந்து 12 ஆண்டு. வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவின்படி திரும்பப் பெறவும் தனியாக மனுக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 10 கடந்தும் 5 லட்சம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதிய வழக்கு எதுவும் வேண்டாம். தீர்ப்பாணை பிறந்த அதே நீதிமன்றத்தில் கட்டளை 21 விதி 11-இன்படி நிறைவேற்று மனு போடுவார் மகள். வழக்கு எண், தீர்ப்பாணை நாள், இதுவரை வந்த தொகை, வர வேண்டிய அசலும் வட்டியும், எந்த வழியில் உதவி கேட்கிறார் என்ற விவரம் எல்லாம் அந்த மனுவில் வரும். பொறுப்பு வைத்த 1 ஏக்கர் 6 சென்ட்டை விற்று வசூலிக்கும்படி கேட்கலாம்.

இந்த இடத்தில் மூத்தவருக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கு வந்த தங்கையிடம் சாமி கும்பிட்ட கையோடு 2 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்து, "மிச்சத்த அறுப்பு முடிஞ்சு தர்றேம்மா" என்று சொல்லிவிட்டால், அது உறவுக்குப் போதும். நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போதாது. கட்டளை 21 விதி 2-இன்படி, வெளியில் கொடுத்த தொகை நீதிமன்றத்தில் சான்றாகிப் பதிவாகவில்லை என்றால் அந்த நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பணம் பெற்றவர் தாமே சொல்லாவிட்டால், கொடுத்தவர் 30 நாளுக்குள் ஆவணச் சான்றோடு மனுப்போட்டுப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். வங்கி மூலம் அனுப்பி, வழக்கு எண்ணைக் குறிப்பில் எழுதிவைப்பது இதை எளிதாக்கும்.

முழுத் தொகையும் போய்ச் சேர்ந்ததும், முழுத் திருப்தி பதிவுசெய்யும்படி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, நிலத்தின் மீதான பொறுப்பு நீங்கியதற்கான உத்தரவின் நகலை மூத்தவர் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். அதையும் தீர்ப்பாணை நகலையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு இரு குடும்பங்களும் விண்ணப்பிக்க வேண்டும். தென்பகுதியின் பட்டாவில் தாயின் பெயரோடு சிறுவனின் பெயரும் காப்பாளர் குறிப்புடன் ஏறியிருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடுங்கள்.